அலாட்மென்ட் வந்ததா?

கப்பலில் வேலை பார்ப்பவரின் சம்பளத்தை அவரும் முழுதாகப் பார்ப்பதில்லை, வீட்டில் இருப்பவர்களும் முழுதாகப் பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பங்கு மாதாமாதம் ஊரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வருகிறது. கப்பல்காரர் குடும்பங்களில் அதற்குப் பெயர் அலாட்மென்ட். ஒரு பங்கு கப்பலின் கணக்கில் அவர் பெயரில் நிற்கிறது. மூன்றாவது பங்கு லீவ் பே என்ற பெயரில் மாதாமாதம் சேர்ந்துகொண்டே போய், அவர் கப்பலை விட்டு இறங்கும்போதுதான் கைக்குக் கிடைக்கிறது. தூத்துக்குடியிலும் குமரிக் கரையிலும் கப்பலுக்கு ஆள் அனுப்பிய வீடுகள் ஏராளம். அவற்றில் பலவற்றில் முதல் பங்கின் கணக்கு மட்டுமே தெரியும். மற்ற இரண்டும் எவ்வளவு, எப்போது வரும், வராமல் போனால் என்ன செய்வது என்பது தெரியாது. அந்த இரண்டும் சேர்ந்தால் மொத்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும் என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்காகவே பார்த்துவிடலாம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் சரக்குக் கப்பல் ஒன்றில் ஏ.பி., அதாவது தேர்ச்சி பெற்ற டெக் மாலுமி, வேலைக்கு ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,358 டாலர் என்று ஏஜென்ட் சொல்கிறார். ஒப்பந்தத்தைத் திறந்தால் அதில் மூன்று வரிகள் இருக்கும். அடிப்படைச் சம்பளம் 720 டாலர். மாதம் 103 மணி நேரத்துக்கான நிரந்தர ஓவர்டைம் 446 டாலர். லீவ் பே, மாதத்துக்கு 8 நாள் வீதம், 192 டாலர். இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. ஆனால் உலகில் இந்த வேலைக்கான ஒப்பந்தங்கள் பலவும் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோலும் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கீழ், ஒரு ஏ.பி.யின் குறைந்தபட்ச மாத அடிப்படைச் சம்பளத்தைக் கப்பல் முதலாளிகளும் மாலுமிகளின் சங்கங்களும் பேசி முடிவு செய்கிறார்கள். 2025-இல் அது 673 டாலராக இருந்தது.

மற்ற இரண்டு வரிகளும் அடிப்படைச் சம்பளத்திலிருந்துதான் பிறக்கின்றன. வாரம் 48 மணி நேர வேலை என்ற கணக்கில் மாதத்துக்கு 208 மணி நேரம் வருகிறது. 720-ஐ 208-ஆல் வகுத்து ஒன்றேகால் மடங்கு ஆக்கினால் ஒரு மணி நேர ஓவர்டைம் 4 டாலர் 33 சென்ட். லீவ் பேயும் அப்படியே. மாதத்தை 30 நாளாக வைத்து 720-ஐ வகுத்தால் ஒரு நாளுக்கு 24 டாலர், எட்டு நாளுக்கு 192. ஆகவே இரண்டு ஒப்பந்தங்களில் மொத்தத் தொகை ஒன்றாகவே இருந்தாலும் அடிப்படைச் சம்பளம் குறைவாக உள்ள ஒப்பந்தத்தில் லீவ் நாளின் விலையும் கூடுதல் ஓவர்டைமின் விலையும் குறையும். அடிப்படையை 600 என்று போட்டு, மீதியை 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று நிரப்பி மொத்தத்தை அழகாகக் காட்டும் தாளை நீட்டினால், ஒரு லீவ் நாளுக்கு 20 டாலர்தான் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

லீவ் நாட்களின் எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்ற சர்வதேசச் சட்டம் 2006-இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்டு 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதை 2015-இல் ஏற்றது. வேலை பார்த்த ஒவ்வொரு மாதத்துக்கும் குறைந்தது இரண்டரை நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு என்று அது சொல்கிறது. சங்கம் பேசி முடித்த ஒப்பந்தங்களில் இதைவிடப் பல மடங்கு கிடைக்கும். நம் ஏ.பி. எட்டு மாதம் கப்பலில் இருந்தால் இரண்டரை நாள் வீதம் 480 டாலர் சேரும். எட்டு நாள் வீதம் என்றால் 1,536 டாலர். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு எண் மாறுவதில் ஆயிரம் டாலருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. ஏஜென்ட் அலுவலகத்தில் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போடும் பையன்கள் பெரும்பாலும் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இன்னொரு வகை ஒப்பந்தமும் இருக்கிறது. அதில் லீவ் பேயையும் சேர்த்தே மாதாமாதம் கொடுத்துவிடுவார்கள். 'கன்சாலிடேட்டட்' என்று ஒரே எண் போட்டிருக்கும். மாதம் கையில் கூடுதலாக வரும், இறங்கும்போது ஒன்றும் வராது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் முந்தைய கப்பலில் இறங்கும்போது ஒன்றரை லட்சம் வந்ததே என்று நம்பி, வீட்டில் அதை வைத்துக் கடனுக்கு வாக்குக் கொடுத்திருந்தால் சிக்கல். ஒப்பந்தத்தில் லீவ் பே எப்போது கொடுக்கப்படும் என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டு அதன்பிறகு வீட்டில் சொல்வதே நல்லது.

இப்போது அலாட்மென்ட்டுக்கு வருவோம். கப்பலேறும் முன்பு ஒரு படிவம் கொடுப்பார்கள். மாதம் எவ்வளவு, யார் பெயரில், எந்த வங்கிக் கணக்குக்கு என்று அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சம்பளத்தில் எவ்வளவு பகுதியை வீட்டுக்கு ஒதுக்குவது என்பது மாலுமியின் விருப்பம். ஒதுக்கிவிட்டால் அதை உரிய நேரத்தில், அவர் சொன்ன ஆளுக்கு நேரடியாக அனுப்புவது முதலாளியின் கடமை. இதையும் அந்த உடன்படிக்கை எழுதி வைத்திருக்கிறது. நம் ஏ.பி.க்கு லீவ் பே நீங்கலாக மாதம் 1,166 டாலர் கணக்கில் ஏறும். அவர் 900 டாலரை மனைவிக்கு எழுதிக் கொடுக்கிறார்.

ஏப்ரல் 16 அன்று கப்பலில் சைன் ஆன் செய்கிறார். வீட்டில் மே முதல் வாரம் பணம் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். வராது. ஏப்ரலில் அவர் சம்பாதித்தது பாதி மாதச் சம்பளம், 583 டாலர். 900 அனுப்ப அதில் இடமில்லை, அதனால் பல கம்பெனிகள் முதல் முழு மாதத்திலிருந்துதான் அலாட்மென்ட்டைத் தொடங்குகின்றன. மே மாதச் சம்பளம் மே கடைசியில் கணக்கு முடிக்கப்பட்டு, கப்பலிலிருந்து அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து வங்கிக்கு வந்து, ஜூன் முதல் அல்லது இரண்டாம் வாரம்தான் ஊரில் கணக்கில் ஏறும். அவர் வீட்டை விட்டுப் போய் ஏறக்குறைய ஐம்பது நாள் கழித்து முதல் பணம். அந்த ஐம்பது நாளுக்குள் இரண்டு வீட்டு வாடகை, பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதச் செலவு எல்லாம் வந்துவிடும். கப்பலேறுவதற்காக மருத்துவச் சோதனை, பயிற்சிச் சான்றிதழ் என்று கையிலிருந்ததையும் ஏற்கெனவே செலவழித்திருப்பார்கள். கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வருவது இந்த இடைவெளியில்தான். இரண்டு மாதச் செலவுக்கான பணத்தை வைத்துவிட்டே கப்பலேற வேண்டும். முடியாதவர்கள் முதல் மாதத்துக்கு மட்டும் அலாட்மென்ட்டைக் குறைத்தாவது அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு.

டாலர் ரூபாயாகும் இடத்திலும் ஒரு கண் வேண்டும். மாற்று விகிதம் சந்தையில் உள்ளபடியோ, அதிகாரபூர்வமாக வெளியானபடியோ இருக்க வேண்டும், மாலுமிக்குப் பாதகமாக இருக்கக் கூடாது, அனுப்பும் கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும் என்பது விதி. டாலருக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கணக்கிட்டால் 900 டாலருக்கு 900 ரூபாய் போகும். வந்த ரூபாயை 900-ஆல் வகுத்து அன்றைய விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. எந்தக் கணக்குக்கு அனுப்புவது என்பதும் யோசிக்க வேண்டியது. நிதியாண்டில் இந்தியாவுக்கு வெளியே போதுமான நாட்கள் இருந்து வரிக்கணக்கில் வெளிநாடு வாழ் இந்தியராகக் கருதப்படும் மாலுமி, வெளிநாட்டுக் கடலில் ஓடும் கப்பலில் சம்பாதித்த சம்பளத்தை இந்தியாவிலுள்ள தன் என்.ஆர்.இ. கணக்கில் வரவு வைத்தார் என்ற ஒரே காரணத்துக்காக இங்கே வரி விதிக்க முடியாது என்று நேரடி வரிகள் வாரியம் 2017 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டது. ஆகவே பலர் என்.ஆர்.இ. கணக்கையே எழுதிக் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் அவர் கடலில் இருக்கும்போது மனைவியோ தாயோ அந்தக் கணக்கிலிருந்து எடுப்பதற்கான ஏற்பாட்டை வங்கியில் முன்பே செய்துவைக்க வேண்டும்.

மாதம் 1,166-இல் 900 போனால் மீதி 266 டாலர் கப்பலில் நிற்கிறது. துறைமுகத்தில் இறங்கும்போது செலவுக்குக் கேப்டனிடம் ரொக்கம் வாங்குவார்கள். சோப்பு, சிகரெட், நொறுக்குத்தீனி எல்லாம் கப்பலின் பாண்ட் ஸ்டோரில் கணக்கில் வாங்குவார்கள். இணையத்துக்கும் காசு போகும். நம் ஆள் சிக்கனமானவர். மாதம் 60 டாலர் ரொக்கம், 45 டாலர் பாண்ட். டிசம்பர் 15 அன்று சைன் ஆஃப். சரியாக எட்டு மாதம். அவர் கணக்கு இப்படி முடிகிறது: சம்பாதித்தது 9,328 டாலர். மே முதல் நவம்பர் வரை ஏழு அலாட்மென்ட்டில் வீட்டுக்குப் போனது 6,300. ரொக்கமும் பாண்டும் சேர்ந்து 840. மீதி 2,188. அதோடு எட்டு மாத லீவ் பே 1,536. இறங்கும்போது அவருக்கு வர வேண்டியது 3,724 டாலர்.

மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டும் இந்தத் தொகை வரும் நாளில் வீட்டில் நடப்பதைச் சொல்ல வேண்டும். இது போனஸ் போலத் தோன்றுகிறது. கிறிஸ்துமஸ் வருகிறது, அக்காள் மகளுக்குக் கல்யாணம் வருகிறது, பைக் வாங்கலாமா என்று பேச்சு வருகிறது. ஆனால் அதில் உள்ள 1,536 டாலர், அவர் வீட்டில் இருக்கப்போகும் 64 நாட்களின் சம்பளம். அந்த நாட்களுக்கு வேறு சம்பளமும் இல்லை, அலாட்மென்ட்டும் இல்லை. டிசம்பர் 15-லிருந்து 64 நாள் எண்ணினால் பிப்ரவரி நடுவில் முடிந்துவிடும். அடுத்த கப்பல் பிப்ரவரியில் கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஏப்ரலில் கிடைத்தால், மறுபடி அந்த ஐம்பது நாள் இடைவெளியையும் சேர்த்தால், டிசம்பரில் வந்த பணம் ஜூன் வரை தாங்க வேண்டும். நெல் விற்ற காசை அடுத்த அறுப்புவரை நீட்டுகிற குடியானவரின் கணக்கு இது. வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டுமோ அதை ஆறால் பெருக்கி முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் பைக்கைப் பற்றிப் பேசலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இறங்கும் நாளில் வர வேண்டிய 3,724 டாலர், எட்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பெனியின் கையில் சேர்ந்த பணம். வட்டியில்லாமல் மாலுமி கம்பெனிக்குக் கொடுத்து வைத்திருக்கும் கடன் என்றே சொல்லலாம். நல்ல கம்பெனி என்றால் பயமில்லை. முதலாளி நொடித்துப்போனால் முதலில் மாட்டிக்கொள்வது இந்தப் பணம்தான். லீவ் பேயை இறங்கும்வரை வைத்திருக்க ஒப்பந்தம் கம்பெனிக்கு அனுமதி தருகிறது, அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் 2,188 டாலர் மீதச் சம்பளம் அவருடைய பணம். அதை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாம், அல்லது அலாட்மென்ட்டைக் கூட்டி எழுதிக் கொடுக்கலாம். நடு ஒப்பந்தத்தில் அலாட்மென்ட்டை மாற்றுவதற்கு அவருக்கு உரிமை உண்டு. பெயர் தெரியாத சிறிய கம்பெனியின் பழைய கப்பலில் ஏறியவர் மீதியைக் கப்பலில் சேர்த்து வைப்பதை நான் ஒருபோதும் நல்லது என்று சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் கைவிடப்படுவது அரிதான விஷயம் இல்லை. 2024-இல் உலகம் முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட கப்பல்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் கைவிடப்பட்டதாகச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனமான ஐ.டி.எஃப். கணக்குச் சொல்லியது. அவர்களில் அதிகம் பேர் இந்தியர்கள். சம்பளம் நிற்பது, உணவு குறைவது, எண்ணெய் தீர்வது, முதலாளி தொலைபேசியை எடுக்காமல் போவது என்று இது படிப்படியாக நடக்கும். முதல் படியை வீட்டிலேயே பார்த்துவிட முடியும். அது, பத்தாம் தேதிக்குள் வர வேண்டிய வங்கிக் குறுஞ்செய்தி வராமல் போவது. கப்பலில் இருப்பவர் வீட்டார் கவலைப்படுவார்களே என்று 'அடுத்த மாசம் சேர்த்துப் போடுவாங்க' என்பார். வீட்டில் இருப்பவரும் அவர் கவலைப்படுவாரே என்று கேட்காமல் இருப்பார். இரண்டு பேருடைய அன்பும் சேர்ந்து மாதங்களை விழுங்கிவிடுகிறது.

ஒரு மாதம் வராவிட்டால் உடனே பதற வேண்டியதில்லை. வங்கிகள் இணைந்தபோது ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியது, கணக்குப் பெயரில் ஓர் எழுத்து வேறாக இருப்பது போன்ற சாதாரணக் காரணங்களாலும் பணம் திரும்பிப் போகும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: அதே கப்பலில் உள்ள மற்றவர்களின் வீட்டுக்கு வந்ததா? வந்திருந்தால் வங்கிக் கோளாறு. யாருக்கும் வரவில்லை என்றால் கம்பெனியில் கோளாறு. கூடவே கப்பலில் மாதாமாதம் கொடுக்க வேண்டிய சம்பளக் கணக்குத் தாளைக் கேட்க வேண்டும். என்ன சம்பாதித்தார், என்ன கொடுக்கப்பட்டது, எந்த மாற்று விகிதத்தில் என்று அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அலாட்மென்ட் 900 'அனுப்பப்பட்டது' என்று அதில் கழித்திருந்து, வீட்டுக்கு வராமல் இருந்தால் அந்தத் தாளே சாட்சி. ஒவ்வொரு மாதமும் அதைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பி வைப்பதை எல்லாரும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாதம் என்பது எல்லைக்கோடு. ஒப்பந்தச் சம்பளத்தைக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்காமல் உறவை முறித்துக்கொண்ட முதலாளி, மாலுமியைக் கைவிட்டவராகக் கருதப்படுவார் என்று உடன்படிக்கையின் 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. இது 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு கப்பலுக்கும் நிதிப் பாதுகாப்பு இருக்க வேண்டும், அதன் சான்றிதழ் கப்பலில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பும் செலவு, உணவு, நிலுவைச் சம்பளம் ஆகியவற்றை அந்தக் காப்பீடு கொடுக்கும். ஆனால் நிலுவைச் சம்பளத்துக்கும் லீவ் பே போன்ற உரிமைகளுக்கும் நான்கு மாத வரம்பு உண்டு. நம் ஏ.பி.க்கு ஆகஸ்ட் முதல் சம்பளம் நின்றுவிட்டது என்று வையுங்கள். செப்டம்பர் முடிந்ததும் முறையிட்டால் நிலுவை முழுவதும் வரம்புக்குள் இருக்கும். 'ஒப்பந்தம் முடியட்டும்' என்று டிசம்பர் 15 வரை காத்திருந்தால் நிலுவை நாலரை மாதம், எட்டு மாத லீவ் பேயும் தனியாகத் தொங்கும். வரம்பைத் தாண்டிய பணத்துக்குக் கப்பலின் மீதுதான் வழக்குப் போட வேண்டியிருக்கும்.

எங்கே முறையிடுவது? ஆளை அனுப்பிய ஏஜென்ட் டி.ஜி. ஷிப்பிங்கின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் பெற்றவராக இருந்தால் முதலில் அவருக்கு எழுத்தில், தேதியோடு. பதிலில்லை என்றால் டி.ஜி. ஷிப்பிங்குக்கும், மாலுமி உறுப்பினராக உள்ள சங்கத்துக்கும், கப்பல் நிற்கும் துறைமுகத்தின் ஐ.டி.எஃப். ஆய்வாளருக்கும். உரிமம் இல்லாத தரகர் மூலம், சுற்றுலா விசாவில் பறந்துபோய் கப்பலேறியவருக்கு இந்தக் கதவுகளில் பாதி திறப்பது கடினம். ஆகவே உரிம எண்ணைக் கப்பலேறும் முன்பே டி.ஜி. ஷிப்பிங்கின் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும்.

கடற்கொள்ளையர் பிடித்துவைத்தாலும் சம்பளமும் அலாட்மென்ட்டும் நிற்கக் கூடாது என்பதும் 2020 டிசம்பர் முதல் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கிறது. ஆள் சிறைப்பட்டிருக்கிறார் என்று காரணம் சொல்லி வீட்டுப் பணத்தை நிறுத்த முடியாது.

கப்பலேறப்போகும் மகனோ கணவனோ உள்ள வீட்டாரிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஒப்பந்தத்தின் நகல், அலாட்மென்ட் படிவத்தின் நகல், கப்பலின் பெயரும் அதன் ஐ.எம்.ஓ. எண்ணும், ஏஜென்டின் உரிம எண் ஆகிய நான்கையும் அவர் கிளம்பும் முன்பே வாங்கி வீட்டில் வையுங்கள். மாதாமாதம் சம்பளக் கணக்கின் படத்தைக் கேளுங்கள். இரண்டாம் மாதமும் அலாட்மென்ட் தவறினால் மூன்றாவதுக்காகக் காத்திருக்காதீர்கள். இந்தியக் கடல்சார் வழக்குச் சட்டம், 2017, மாலுமியின் சம்பளத்துக்குக் கப்பலின் மீது மற்றக் கடன்காரர்கள் எல்லாருக்கும் முன்னுரிமை தருகிறது. கப்பல் நம் கடலில் இருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே அதைச் சிறைப்பிடிக்கக் கேட்கலாம். ஆனால் அந்த முன்னுரிமை சம்பளம் கொடுபட வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளோடு முடிந்துவிடும்.